தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு: ஒரு பள்ளி முதல்வரின் உரைக்கு மறுப்பு



மூன்றாம் தவணை தொடங்கியதும் நம் தொடக்கப்பள்ளிகளில் ஆறாம் வகுப்பு மாணவர்களை மண்டபத்தில் அமர்த்தி, பள்ளி முதல்வர் உரையாற்றுவது வழக்கம். வாய்மொழித் தேர்வு ஆகஸ்டு மாதத்தில் வந்துவிடும்; எழுத்துத் தேர்வு செப்டம்பர் இறுதியில் தொடங்கிவிடும். ஆகவே, தேர்வுத்தாள் எவ்வாறு அமைக்கப்படுகிறது, எவ்வாறு திருத்தப்படுகிறது என்று மாணவர்களுக்கு எடுத்துரைக்கும் நோக்கில் இவ்வுரை நிகழ்த்தப்படும். அத்தகைய உரையொன்றைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எந்தப் பள்ளி, எந்த முதல்வர் என்பது இங்குத் தேவையில்லை. அவர் சொன்னவற்றை வேறு பல பள்ளிகளிலும் ஆசிரியர்கள் சொல்கின்றனர். பெற்றோர்களும் வீட்டில் சொல்கின்றனர். எனவே இம்மறுப்பு ஒருவர்மீது தொடுக்கப்படுவதன்று, அக்கருத்துகள்மீது தொடுக்கப்படுவது.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உரையின் முற்பகுதி நன்றாகவே இருந்தது. தேர்வுத்தாள் ஒருவர் மனம்போன போக்கில் எழுதுவதன்று என்றார். பாடத்திட்டத்தின் எந்தப் பகுதியிலிருந்து எத்தனை மதிப்பெண், அவற்றுள் நினைவுகூர்தலுக்கு எவ்வளவு, பயன்படுத்தலுக்கு எவ்வளவு, சிந்தித்துக் காரணம் காட்டலுக்கு எவ்வளவு என முன்கூட்டியே அட்டவணை வகுத்துக்கொண்டு, அதன் பிறகே கேள்விகள் எழுதப்படுகின்றன என்றார். தேர்வின் அமைப்பைச் சிங்கப்பூர்த் தேர்வு மதிப்பீட்டுக் கழகம் தன் இணையத்தளத்தில் வெளியிட்டுள்ளது என்றும் சொன்னார். இவையனைத்தும் உண்மை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்வதில் தவறேதுமில்லை, சொல்லத்தான் வேண்டும்.

பிற்பகுதியில்தான் இடறல் தொடங்கியது. அங்கு அவர் மூன்று கருத்துகளைச் சொன்னார். ஒன்று: "அனைவரும் நன்றாக எழுதினால் மதிப்பெண்ணைக் கீழே இழுத்துவிடுவார்கள், மணிவடிவ வளைகோடு ஒன்று இருக்கிறது, உங்களுக்குப் போட்டி பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவர்தான்." இரண்டு: "கடினமான கேள்விகள் முதல்தர மாணவர்களைப் பிரித்தெடுக்க வைக்கப்பட்டவை, மற்றவர்கள் அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டா." மூன்று: "தாய்மொழியை எப்படியும் சமாளித்துவிடலாம், இனி மிச்ச நேரமெல்லாம் கணிதத்திற்கும் அறிவியலுக்கும்."

இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

வளைகோடு எங்கே போயிற்று?

முதல்வர் சொன்ன வளைகோடு கற்பனையன்று. அது இருந்தது. 2020ஆம் ஆண்டுவரை தேர்வெழுதிய பிள்ளைகளுக்கு டி-ஸ்கோர் என்னும் முறை நடைமுறையில் இருந்தது. அம்முறையில் பிள்ளை பெற்ற மதிப்பெண் அப்படியே கணக்கில் சேராது. அந்த ஆண்டில் தேர்வெழுதிய மாணவர்கள் அனைவரின் சராசரி, அவர்களுடைய மதிப்பெண்கள் எவ்வளவு விரவிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் ஆகிய இரண்டையும் கொண்டு அம்மதிப்பெண் மாற்றப்பட்டது. கணக்கு இதுதான்: பிள்ளையின் மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழிக்க வேண்டும், வருவதைத் திட்டவிலக்கத்தால் வகுக்க வேண்டும், அதைப் பத்தால் பெருக்கி ஐம்பதைக் கூட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துப் பார்ப்போம். ஒரு பாடத்தில் சராசரி 70, திட்டவிலக்கம் 10 என வைத்துக்கொள்வோம். 80 மதிப்பெண் பெற்ற மாணவிக்கு டி-ஸ்கோர் 60. வேறோர் ஆண்டில் எல்லாரும் சற்று நன்றாக எழுதிச் சராசரி 76, திட்டவிலக்கம் 8 என ஆகிவிட்டால், அதே 80 மதிப்பெண்ணுக்குக் கிடைப்பது 55 மட்டுமே. மாணவி எழுதியது ஒன்றே. அவள் அறிந்ததும் ஒன்றே. ஆனால் பிறர் நன்றாக எழுதியதால் அவளுடைய மதிப்பு ஐந்து குறைந்துவிட்டது. "பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான் போட்டி" என்னும் பேச்சுக்கு அன்று இடமிருந்தது.

இம்முறையைக் கைவிடப்போவதாக 2013ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். 2016இல் புதிய முறையின் விவரங்கள் வெளியாயின. 2021ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி ஒவ்வொரு பாடத்திற்கும் எட்டு அடைவுநிலைகள் உள்ளன. 90ம் அதற்கு மேலும் பெற்றால் முதல் நிலை. 85 முதல் 89 வரை இரண்டாம் நிலை. 80 முதல் 84 வரை மூன்றாம் நிலை. 75 முதல் 79 வரை நான்காம் நிலை. 65 முதல் 74 வரை ஐந்தாம் நிலை. 45 முதல் 64 வரை ஆறாம் நிலை. 20 முதல் 44 வரை ஏழாம் நிலை. 20க்குக் கீழ் எட்டாம் நிலை. நான்கு பாடங்களின் நிலை எண்களையும் கூட்டினால் வருவதே பிள்ளையின் மொத்தப் புள்ளி. மிகச் சிறந்தது 4, கடைசி 32.

மேலே சொன்ன மாணவியை இப்போது பாருங்கள். முதல் ஆண்டிலும் 80, அடுத்த ஆண்டிலும் 80. இரண்டிலும் அவளுக்கு மூன்றாம் நிலைதான். மண்டபத்திலுள்ள அனைவரும் 90 பெற்றால் அனைவருக்கும் முதல் நிலை கிடைக்கும். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை என்னும் நிலை இங்கு இல்லை. இக்கணக்கில் சராசரிக்கோ திட்டவிலக்கத்திற்கோ இடமே கிடையாது.

இங்கு முதல்வர் சார்பில் ஒரு கேள்வி எழலாம். "அப்படியானால் ஓராண்டுத் தாள் எளிதாகவும் மறு ஆண்டுத் தாள் கடினமாகவும் அமைந்துவிட்டால் என்செய்வது?" நல்ல கேள்விதான். பழைய முறையில் தாள் கடினமானால் சராசரியும் இறங்கும். கணக்கு அதைச் சரிசெய்துவிடும். புதிய முறையில் அப்பொறுப்பு முழுவதும் தாளை அமைப்பவர்களின் தோளில் ஏறியுள்ளது. 90 என்பது இவ்வாண்டும் அடுத்த ஆண்டும் ஏறத்தாழ ஒரே தேர்ச்சியைக் குறிக்க வேண்டுமாயின், அந்த அட்டவணை, கேள்விகளின் கடினத்தைப் பற்றிய மதிப்பீடு, கேள்விகளைப் பலமுறை சரிபார்த்தல் ஆகியவை ஒழுங்காக நடைபெற வேண்டும். எவ்வளவு முயன்றாலும் இரண்டு தாள்கள் மயிரிழை பிசகாமல் ஒத்திருக்கமாட்டா. 89க்கும் 90க்கும் இடையில் ஒரு கோடு இருக்கும்வரை அக்கோட்டருகே நிற்கும் பிள்ளைக்கு இது நியாயமான கவலையே. முதல்வர் இக்கவலையைப் பேசியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். அவர் பேசியதோ இல்லாத வளைகோட்டைப் பற்றி.

பாதி உண்மை ஒன்று அவர் பக்கம் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. மதிப்பெண்ணில் ஒழிந்த போட்டி, உயர்நிலைப்பள்ளி இடங்களில் ஒழியவில்லை. ஒரு பள்ளியில் இத்தனை இடங்கள்தாம் உள்ளன. இரு பிள்ளைகள் ஒரே மொத்தப் புள்ளியுடன் கடைசி இடத்திற்கு நின்றால் முதலில் குடியுரிமை பார்க்கப்படும். அடுத்து, விண்ணப்பத்தில் எந்தப் பிள்ளை அப்பள்ளியை முன்வரிசையில் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது பார்க்கப்படும். அதன் பிறகும் சமமாயின் கணினிக் குலுக்கல். மொத்தப் புள்ளியில் 4 முதல் 32 வரை 29 எண்களே இருப்பதால் இத்தகைய சமநிலைகள் முன்னிலும் மிகுதியாக நேரும். எனவே பெற்றோர் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை நவம்பர் மாதத்தில் விருப்பப் பள்ளிகளை வரிசைப்படுத்துவது. ஜூலை மாதத்தில் பிள்ளைக்குப் பக்கத்து நண்பனைப் பகைவனாகக் காட்டுவதால் ஒரு பயனும் இல்லை. அவ்வாறு காட்டினால் என்ன நடக்கும்? தன் குறிப்பேட்டைத் தோழிக்குத் தரமாட்டாள். தோழிக்கு விளக்கிச் சொல்லும்போது தனக்கே தெளிவு பிறக்கும் வாய்ப்பையும் அவள் இழப்பாள்.

கடினமான கேள்வி யாருக்காக?

இரண்டாவது கருத்து மிகவும் ஆபத்தானது. ஏனெனில் கேட்பதற்கு அறிவுரைபோல் இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் சில கடினமான கேள்விகள் இருக்கும் என்பதும், நன்கு தேர்ந்தவர்களை அவை அடையாளம் காட்டும் என்பதும் உண்மையே. ஆனால் அதிலிருந்து "மற்றவர்கள் தொட வேண்டா" என்னும் முடிவு பிறக்கவில்லை. கேள்வி எவ்வாறு கட்டப்படுகிறது, எவ்வாறு திருத்தப்படுகிறது என்பதைப் பார்த்தாலே இது விளங்கும்.

நாடே பேசிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கணிதம் என் பாடமன்று. ஆயினும் இதைப் புரிந்துகொள்ளக் கணித ஆசிரியராக இருக்கத் தேவையில்லை. 2021ஆம் ஆண்டுத் தாளில் ஹெலன், ஐவன் என்னும் இருவரின் நாணயங்களைப் பற்றிய கேள்வி வந்தது. இருவரிடமும் சம எண்ணிக்கையில் நாணயங்கள் உள்ளன. ஹெலனிடம் சில 50 காசுகளும் 64 இருபது காசுகளும்; ஐவனிடம் சில 50 காசுகளும் 104 இருபது காசுகளும். ஹெலனின் நாணயங்கள் மொத்தம் 1.134 கிலோகிராம். முதற்பகுதி: யாரிடம் அதிகப் பணம், எவ்வளவு அதிகம்? இரண்டாம் பகுதி: ஒரு 50 காசு ஒரு 20 காசைவிட 2.7 கிராம் கூடுதல் எடை என்றால், ஐவனின் நாணயங்கள் எத்தனை கிலோகிராம்?

பல பிள்ளைகள் இதில் திணறினர்; பெற்றோர் சினந்தனர். திணறியதன் காரணம் என்ன? 50 காசுகள் எத்தனை என்பது கேள்வியில் இல்லை. பயிற்சித்தாள்களில் பழகிய பிள்ளை முதலில் அதைக் கண்டுபிடிக்க முயல்கிறது. அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, தேவையும் இல்லை. ஐவனிடம் 20 காசுகள் 40 கூடுதல். மொத்த எண்ணிக்கை சமம் என்பதால் அவனிடம் 50 காசுகள் 40 குறைவு. ஆகவே நாற்பது இடங்களில் ஹெலனிடம் 50 காசும் ஐவனிடம் 20 காசும் இருப்பதாக எண்ணலாம். ஓரிடத்திற்கு வேறுபாடு 30 காசு. நாற்பது இடங்களுக்கு 12 வெள்ளி. ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம். முதற்பகுதி முடிந்தது. அதே நாற்பதை 2.7 கிராமால் பெருக்கினால் 108 கிராம். 1.134 கிலோகிராமிலிருந்து 0.108ஐக் கழித்தால் 1.026 கிலோகிராம். இரண்டாம் பகுதியும் முடிந்தது.

இக்கேள்வியின் கட்டமைப்பைக் கவனியுங்கள். 104இலிருந்து 64ஐக் கழித்து 40 என்று எழுதுவதற்கு முதல்தர மாணவனாக இருக்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்புக் கழித்தலே போதும். அந்த நாற்பதை 30 காசால் பெருக்க வேண்டும் என்று காண்பது அடுத்த படி. அதே நாற்பதை எடைக்கும் பயன்படுத்தலாம் என்று காண்பது அதற்கடுத்த படி. கடினம் முழுக்க இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் உள்ளது; நுழைவாயில் திறந்தே இருக்கிறது. "இது உனக்கானதன்று" என்று சொல்லப்பட்ட பிள்ளை அந்த நுழைவாயிலுக்கே போகாது.

இப்போது திருத்துவதைப் பார்ப்போம். பல்தேர்வுக் கேள்விகளில் விடை சரியா தவறா என்பது மட்டுமே கணக்கு. ஆனால் கணிதத்தில் மூன்று, நான்கு, ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்குச் செய்முறையைக் காட்டும்படி மாணவர்களிடம் கேட்கப்படுகிறது. முறை சரியாக இருந்தால் இறுதி விடை தவறினாலும் அதற்குரிய மதிப்பெண் உண்டு. திருத்துவோர் தம் விருப்பப்படி அதை வழங்குவதில்லை. எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று விடைத்திட்டம் சொல்லும். திருத்தல் தொடங்குமுன் மாதிரி விடைத்தாள்களைக் கொண்டு கலந்துபேசி அனைவரும் ஒரே அளவுகோலுக்கு வருவர். பின்னர் மேற்பார்வையாளர் சரிபார்ப்பார். வெற்றுத்தாளுக்கு மட்டும் எந்த விடைத்திட்டத்தாலும் மதிப்பெண் தர இயலாது.

ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். கணிதத்தில் 62 பெறக்கூடிய மாணவன். அவன் கடினமான மூன்று கேள்விகளிலும் முதற்படியை மட்டும் எழுதி ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பெண் பெறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 62, 65 ஆகிறது. ஆறாம் நிலையிலிருந்து ஐந்தாம் நிலைக்கு ஏறிவிடுகிறான். இதே மூன்று மதிப்பெண் 93 பெறும் மாணவனுக்கு ஒன்றையும் மாற்றாது. 96 பெற்றாலும் அவன் முதல் நிலையிலேயே இருப்பான். கடினமான கேள்வியின் முதற்படி யாருக்கு அதிகம் பயன்படுகிறது என்று பார்த்தீர்களா? விட்டுவிடச் சொல்லப்பட்ட பிள்ளைக்குத்தான்.

நேர மேலாண்மை தேவையில்லையா என்று கேட்பீர்கள். தேவைதான். எளிய கேள்விகளை முதலில் முடித்துவிட்டு, சரிபார்த்துவிட்டு, பிறகு கடினமானவற்றுக்குத் திரும்பு என்று சொல்வது அறிவுரை. அவை உனக்கானவை அல்ல என்று சொல்வது தீர்ப்பு. முதலாவதைச் சொல்லும்போது பிள்ளை திட்டமிடக் கற்கிறது. இரண்டாவதைச் சொல்லும்போது தான் எந்த வகையைச் சேர்ந்தவன் என்பதைக் கற்கிறது. என் வகுப்பிலும் அத்தகைய பிள்ளைகள் உள்ளனர். கருத்தறிதல் பகுதியின் கடைசிக் கேள்வியைப் படித்துப் பார்க்காமலே தாளை மூடிவைப்பர். ஏன் என்று கேட்டால், "அது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு, டீச்சர்" என்பர். பதினோரு பன்னிரண்டு வயதில் இந்தப் பதில் எங்கிருந்து வந்தது? நாம் சொல்லிக் கொடுத்ததுதான்.

தாய்மொழியைச் சமாளித்துவிடலாமா?

மூன்றாவது கருத்து நம்மை நேரடியாகத் தொடுவது. எனினும் மொழிப்பற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, முதல்வர் பேசிய மதிப்பெண் மொழியிலேயே பேசுகிறேன்.

மொத்தப் புள்ளியில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகிய நான்கும் சம எடை பெறுகின்றன. கணிதத்தில் ஒரு நிலை முன்னேறினாலும் ஒரு புள்ளி. தமிழில் ஒரு நிலை முன்னேறினாலும் ஒரு புள்ளி. வேறுபாடு எங்கே என்றால், ஒரு நிலை முன்னேற எத்தனை மதிப்பெண் தேவை என்பதில். கணிதத்தில் 66 பெறும் பிள்ளை ஐந்தாம் நிலையில் இருக்கிறது. நான்காம் நிலைக்கு 75 வேண்டும். ஒன்பது மதிப்பெண் ஏற வேண்டும். எட்டு மதிப்பெண் ஏறி 74 பெற்றாலும் புள்ளியில் மாற்றமில்லை. அதே பிள்ளை தமிழில் 83 பெறுகிறது என்றால், 85க்கு இரண்டே மதிப்பெண்தான். இந்தப் பிள்ளையிடம் "தமிழை விட்டுவிட்டுக் கணிதம் படி" என்று சொல்வது, முதல்வரின் கணக்குப்படியே தவறான கணக்கு. கணிதத்தைப் படிக்க வேண்டா என்பது என் வாதமன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதே என் வாதம். மண்டபத்தில் ஒலிவாங்கியின்முன் நின்று ஓர் ஆண்டு மாணவர்கள் அனைவருக்கும் அதைச் சொல்லவே கூடாது.

அடுத்து, "சமாளித்துவிடலாம்" என்னும் சொல். தமிழ்த்தேர்வு எவ்வாறு அமைந்துள்ளது என்று பாருங்கள். மொத்தம் 200 மதிப்பெண். அவற்றுள் வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. ஆக, நூற்றுக்கு 35 விழுக்காடு காதிலும் நாவிலும் உள்ளது. வாய்மொழியில் பிள்ளை ஒரு பகுதியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வாளருடன் அதைப் பற்றி உரையாட வேண்டும். கடைசி மூன்று வாரங்களில் சமாளித்துவிடக் கூடியதா இது? வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கு, ஆகஸ்டில் ஒருவர் எதிரே அமர்ந்து "நீ ஏன் அவ்வாறு நினைக்கிறாய்?" என்று கேட்கும்போது சொல் வராது. துணைப்பாட வகுப்பில் மனனம் செய்துவந்த தொடர்களைச் சில பிள்ளைகள் ஒப்பிக்கின்றனர். காணொளியில் நூலகம் வந்தாலும் கடற்கரை வந்தாலும் "நாம் அனைவரும் ஒற்றுமையுடன் செயல்பட்டு நாட்டின் வளர்ச்சிக்கு உதவ வேண்டும்" என்றே முடிக்கின்றனர். கேட்ட கேள்விக்கு அது விடையன்று என்பதை எந்தத் தேர்வாளரும் உடனே கண்டுகொள்வார். கட்டுரையிலும் இதே கதைதான். உள்ளடக்கம், மொழி என்னும் இரண்டும் பார்க்கப்படும்போது, கதையோடு ஒட்டாத அலங்காரத் தொடர் இரண்டிலுமே பயன்படாது.

இம்முதல்வர் தமிழரல்லர், தமிழ்மீது அவருக்கு வெறுப்பும் இல்லை. சீனமும் மலாயும் அவருடைய சொல்லில் அடக்கம். ஆனால் அச்சொல் மண்டபத்திலிருந்து வகுப்புக்கு வரும்போது என்ன ஆகிறது தெரியுமா? வாரத்தில் சில மணி நேரமே கிடைக்கும் தமிழ் வகுப்பில் பிள்ளை மேசைக்கடியில் கணிதத்தாளை வைத்துக்கொண்டு அமர்கிறது. "பிரின்சிபலே சொல்லிவிட்டார்" என்கிறது. அதற்கு நான் என்ன விடை சொல்வது?

என்ன சொல்லியிருக்க வேண்டும்?

குறைகூறிவிட்டு ஒதுங்குவது முறையன்று. அதே பத்து நிமிடத்தில் அதே மண்டபத்தில் அவர் இவ்வாறு சொல்லியிருக்கலாம்: "உங்கள் மதிப்பெண் உங்களுடையது, நண்பர் நன்றாக எழுதினால் அது குறையாது. ஆகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுங்கள். தாளில் கடினமான கேள்விகள் இருக்கும். எளியவற்றை முடித்துவிட்டு அவற்றுக்குத் திரும்புங்கள். தெரிந்த முதற்படியையாவது எழுதுங்கள். நான்கு பாடங்களும் சமம். எந்தப் பாடத்தில் நீங்கள் அடுத்த நிலைக்கு அருகில் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்." இதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டுத் தலைகுனியாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவுச் சீட்டில் அடைவுநிலை மட்டுமே இருக்கும்; மதிப்பெண் இராது. எனவே பிள்ளை எந்தக் கோட்டருகே நிற்கிறது என்பதை அறிய உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்புப் பள்ளியின் முன்னோட்டத் தேர்வும் வகுப்பு ஆசிரியர்களும்தான். முன்னோட்டத் தாளைப் பள்ளிகளே அமைக்கின்றன. அது தேசியத் தாளைவிடக் கடினமாகவும் இருக்கலாம், எளிதாகவும் இருக்கலாம். ஆகவே அதன் மொத்த எண்ணை மட்டும் பார்த்து மகிழவோ அழவோ வேண்டா. விடைத்தாளை வாங்கி, எந்த இடங்கள் வெற்றாக விடப்பட்டுள்ளன என்று எண்ணுங்கள். தவறாக எழுதிய இடம் வேறு. எழுதாமலே விட்ட இடம் வேறு. வெற்றிடங்கள் மிகுதியாக இருந்தால் பிள்ளையிடம் "ஏன் தெரியவில்லை?" என்று கேட்காதீர்கள், "யார் உன்னை விட்டுவிடச் சொன்னார்?" என்று கேளுங்கள்.

சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. நம்மில் பலர் டி-ஸ்கோர் காலத்தில் கற்பிக்கத் தொடங்கியவர்கள். அந்தக் காலத்து எச்சரிக்கைகள் நாவில் ஊறிப்போயுள்ளன. முறை 2021இலேயே மாறிவிட்டது. அதற்குப் பின்னும் பழைய எச்சரிக்கையைச் சொன்னால், இல்லாத ஒரு தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறோம் என்று பொருள். அடுத்த முறை உங்கள் பள்ளி மண்டபத்தில் வளைகோட்டைப் பற்றிய பேச்சு எழுந்தால், உரை முடிந்தபின் முதல்வரின் அறைக்குச் சென்று பணிவுடன் எடுத்துரையுங்கள். நான் அவ்வாறே சென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அடைவுநிலை அட்டவணையைத் தம் மேசையிலேயே வைத்திருந்தார். "பிள்ளைகள் சற்றுப் பயந்தால்தான் படிப்பார்கள்" என்றார். வளைகோடு இல்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அச்சத்திற்காகப் பொய் சொல்லலாம் என்னும் அந்தக் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது என்று விளக்க எழுந்து நின்ற ஒருவர் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை அப்படியே நம்பும் வயதில் அமர்ந்திருக்கின்றனர் அப்பிள்ளைகள்.